தட்டணுக்கள் குறையும்போது: மாத்திரையா, வார ஊசியா, ரிட்டுக்சிமாப்பா, மண்ணீரல் அறுவையா?

"ஸ்டீராய்டைக் குறைத்தால் பிளேட்லெட் விழுகிறது. இனி இரண்டாம் கட்ட சிகிச்சை என்கிறார் மருத்துவர். மூன்று நான்கு வழிகளைச் சொல்லி, யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். எதை வைத்து யோசிப்பது?" நாள்பட்ட ஐ.டி.பி. உள்ளவர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் அடிக்கடி வரும் கேள்வி இது. இம்யூன் த்ரோம்போசைட்டோபீனியா என்பதன் சுருக்கமே ஐ.டி.பி. உடலின் எதிர்ப்பாற்றலே தன் ரத்தத் தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட்டுகளை, அந்நியமாக எண்ணி அழிக்கிற நோய்.

நான்கு வழிகளில் எது எண்ணிக்கையை அதிகம் ஏற்றும் என்று பார்த்தால் முடிவுக்கு வரவே முடியாது, ஏனெனில் நான்குமே பலருக்கு ஏற்றுகின்றன. ஒவ்வொரு வழியும் உடலின் எந்த இடத்தில் கை வைக்கிறது, அந்த இடம் வேறென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். விலையும் பலனும் அங்கேதான் பிரிகின்றன. அதற்குத் தட்டணு எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## பிறப்பும் கட்டுப்பாடும்

எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற பேருயிரணுக்கள் உள்ளன. இவை உட்கருவைப் பெருக்கிக்கொண்டே போகும், ஆனால் இரண்டாகப் பிளவுபடாது. அதனால் ஒன்றினுள்ளேயே சாதாரண உயிரணுவில் இருப்பதைப் போல் 8 மடங்கு டி.என்.ஏ. சேர்வது வழக்கம், சிலவற்றில் 32 மடங்கு வரை போகும். முதிர்ந்ததும் மஜ்ஜையின் ரத்தக் குழாய்ச் சுவரை ஒட்டி நின்று, சுவரின் இடுக்கு வழியாக நீண்ட இழைகளைக் குழாய்க்குள் நீட்டும். ஓடும் ரத்தம் இழுக்க, இழைகளின் நுனிகள் அறுந்து தட்டணுக்களாகின்றன. ஒரு மெகாகேரியோசைட் ஆயிரக்கணக்கில் தட்டணுக்களைத் தரும். இப்படி ஒரு நாளில் உடல் உண்டாக்குவது சுமார் 10,000 கோடி. ஒவ்வொன்றின் ஆயுள் 7 முதல் 10 நாள். மெகாகேரியோசைட்டிலிருந்துதான் தட்டணு வருகிறது என்று ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1906-இல் காட்டினார். நுரையீரலின் நுண்குழாய்களிலும் பெருமளவில் தட்டணுக்கள் வெளிப்படுகின்றன என்று 2017-இல் எலிகளில் கண்டறியப்பட்டது. மனிதரில் நுரையீரலின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. நம் கேள்விக்கு அது தேவைப்படாது.

இந்த உற்பத்தியை ஆள்வது த்ரோம்போபாய்டின் என்ற ஹார்மோன். பெரும்பகுதி கல்லீரலில் சுரக்கிறது. 1994-இல் ஒரே நேரத்தில் பல ஆய்வுக் குழுக்கள் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தன. தட்டணு குறைந்ததும் கல்லீரல் அதை உணர்ந்து கூடுதலாகச் சுரக்கும் என்றுதான் நாம் எண்ணிக்கொள்வோம். அப்படியல்ல. கல்லீரல் ஏறக்குறைய ஒரே சீராகச் சுரந்துகொண்டிருக்கும். சுற்றும் தட்டணுக்களும் மஜ்ஜையின் மெகாகேரியோசைட்டுகளும் தங்கள் மேல் உள்ள ஏற்பிகளால் ஹார்மோனைப் பிடித்து உட்கொண்டுவிடும். இவை நிறைய இருந்தால் ஹார்மோன் உறிஞ்சப்பட்டுக் குறையும். இல்லையென்றால் மீந்து நின்று மஜ்ஜையைத் தூண்டும். அளவுகோலாக இருப்பதும் தட்டணுவே, அளக்கப்படுவதும் தட்டணுவே. ஆயுள் முடிந்த தட்டணுக்களின் மேற்பரப்புச் சர்க்கரை உதிர்ந்து அவை கல்லீரலில் ஒட்டும்போது சுரப்பு ஓரளவு கூடுகிறது என்ற கூடுதல் வழியும் எலிகளில் தெரிந்திருக்கிறது. அழற்சி உள்ள நோய்களிலும் சுரப்பு கூடும். அடிப்படைக் கணக்கு இந்த உறிஞ்சல்தான்.

ஐ.டி.பி.யில் கணக்கு வழுக்குவதும் இங்கேதான். மஜ்ஜையில் மெகாகேரியோசைட்டுகள் வழக்கமான எண்ணிக்கையில், சில சமயம் கூடுதலாகவே இருக்கின்றன. தட்டணுக்களும் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. பிறந்த வேகத்திலேயே அழிகின்றன. ஆகவே ஹார்மோன் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 15,000-இல் நிற்கும் ஒருவரின் ரத்தத்தில் த்ரோம்போபாய்டின் பெரும்பாலும் சாதாரண அளவிலோ அதற்குச் சற்று மேலோதான் இருக்கும். மஜ்ஜையே வறண்டுபோன அப்பிளாஸ்டிக் அனீமியாவில் இதே ஹார்மோன் பல மடங்கு ஏறி நிற்கும். போதாக்குறைக்கு, ஐ.டி.பி.யின் எதிர்ப்பொருட்கள் மெகாகேரியோசைட்டையும் தாக்குவதால் உற்பத்தியும் முழு வேகத்தில் நடப்பதில்லை. அழிவு மட்டும்தான் நோய் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். உற்பத்தியும் தேவைக்கு எட்டவில்லை என்று தெரிந்த பிறகே ஹார்மோன் வழி மருந்துகளுக்கு இடம் கிடைத்தது.

## காயத்தை அடைப்பதோடு முடிவதில்லை

அடைப்பு வேலையை எல்லோரும் அறிவர். முடிவெடுக்க உதவுபவை மற்ற வேலைகள்.

முதலாவது, காயமே இல்லாதபோதும் நடக்கும் குழாய்ப் பராமரிப்பு. நுண்குழாய்களின் உட்சுவரில் உயிரணுக்களுக்கிடையே கசிவு வராமல் காக்கத் தட்டணுக்கள் தினமும் செலவாகின்றன. ஒரு மைக்ரோலிட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 7,000 என்று 1985-இல் கணக்கிட்டார்கள். மொத்தத் தினசரி வரவில் அது சிறு பங்கு. அதனால்தான் 25,000 உள்ளவர் பெரும்பாலும் நலமாக நடமாடுகிறார். 10,000-க்குக் கீழே போனவர்களின் காலில் செம்புள்ளிகளும் வாயில் ரத்தக் கொப்புளங்களும் வருகின்றன. சிகிச்சையின் இலக்கு சாதாரண அளவான 1,50,000 அல்ல என்பதற்கும் காரணம் இதுவே. 50,000-ஐத் தொட்டால் போதும். எண்ணிக்கையை "நார்மல்" ஆக்க வேண்டும் என்று துடிப்பவர்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, தட்டணு ஒரு சரக்குப் பை. அதன் துகள்களில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதம் ஏராளமாக இருக்கிறது. இது நார்த்திசுவை வளர்க்கும். அத்துடன் எதிர்ப்பாற்றலை அடக்கும் ஒழுங்காளர் டி-உயிரணுக்களையும் ஊக்குவிக்கும். ஐ.டி.பி.யில் இந்த ஒழுங்காளர்கள் சோர்ந்து கிடக்கின்றனர். எண்ணிக்கை ஏறியதும் அவர்கள் ஓரளவு தேறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஹார்மோன் வழி மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு எண்ணிக்கை தாங்கி நிற்பதற்கான விளக்கம் இதுவாக இருக்கலாம். அதே புரதம் மஜ்ஜையில் மெகாகேரியோசைட்டுகளிலிருந்து கூடுதலாகக் கசிந்தால் ரெட்டிகுலின் என்ற நார் இழைகள் சேரும். ஒரே பொருள் ஒரு பக்கம் உதவியும் மறுபக்கம் தொல்லையும் தருகிறது.

மூன்றாவது, தட்டணுக்கள் கிருமிகளையும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களையும் பற்றிக்கொள்கின்றன; தூண்டப்பட்ட நியூட்ரோஃபில்கள் தங்கள் டி.என்.ஏ.வை வலைபோல் வெளியே வீசவும் இவை காரணமாகின்றன. கிருமிக்கு அது பொறி. நரம்புக்குள் நேர்ந்தால் ரத்தக் கட்டிக்கு வித்து. தட்டணு குறைந்த ஐ.டி.பி. நோயாளிகளுக்கும் ரத்தம் உறையும் ஆபத்து சராசரியைவிடக் கூடுதலாக இருப்பது இந்த நோயின் முரண்களில் ஒன்று. எண்ணிக்கையை ஏற்றும்போது இதை மறந்துவிடக் கூடாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

அளவுகோல்களுக்கு முன் ஒரு சோதனை. எண்ணிக்கை உண்மையிலேயே குறைவுதானா? ரத்தம் எடுக்கும் குழாயில் உள்ள ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் சிலருக்குத் தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்ட வைத்துவிடும். கொத்தை இயந்திரம் தட்டணுவாக எண்ணாது. குறைவு என்று காட்டும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பரப்பி நுண்நோக்கியில் பார்த்தால் கொத்து தெரிந்துவிடும். சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் எண்ணிக்கை சரியாக வரும். இந்தச் சோதனை நடந்திருக்கிறதா என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. கொத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணிக்கை உண்மை என்றால் நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து: எவ்வளவு விரைவில் ஏறுகிறது, நிறுத்தினால் தங்குகிறதா, அன்றாடத்தில் எவ்வளவு கட்டிப்போடுகிறது, எந்த ஆபத்து மறைந்திருக்கிறது, தவறாகிப்போனால் திரும்பி வர முடியுமா. ஐந்தாவதற்கு மற்றவர்கள் கொடுக்கும் இடத்தைவிட நான் அதிகம் கொடுக்கிறேன். மாத்திரையை நிறுத்தலாம், வெட்டி எடுத்த மண்ணீரலைத் திருப்பி வைக்க முடியாது.

## முதல் வழி: ஹார்மோன் ஏற்பியைத் தூண்டும் மருந்துகள்

கதை ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. 1990-களில் த்ரோம்போபாய்டினின் ஒரு துண்டையே செயற்கையாகச் செய்து ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தட்டணு ஏறியது. ஆனால் சிலரின் உடல் அந்த மருந்துக்கு எதிர்ப்பொருள் செய்தது. அந்த எதிர்ப்பொருள் அவர்களது சொந்த ஹார்மோனையும் முடக்கியது. நலமாக இருந்த தன்னார்வலர்களுக்கே தட்டணுக் குறைவு வந்தது. முயற்சி கைவிடப்பட்டது. பிறகு வந்த மருந்துகளில் பெரும்பாலானவை ஹார்மோனின் உருவத்தை ஒத்திராமல், அதன் ஏற்பியை மட்டும் தொடும்படி வடிவமைக்கப்பட்டவை. பொதுவாகப் பயன்படுபவை மூன்று.

ரோமிப்ளோஸ்டிம் தோலுக்கடியில் வாரம் ஒருமுறை போடும் ஊசி. ஹார்மோன் அமரும் இடத்திலேயே அமரும். உடல் எடையில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்று தொடங்கி, 50,000-ஐ எட்டும் வரை வாரந்தோறும் 1 மைக்ரோகிராம் கூட்டி, அதிகபட்சம் 10 வரை போகலாம். எண்ணிக்கை 4,00,000-ஐத் தாண்டினால் ஊசி நிறுத்திவைக்கப்படும். உணவோடு எந்தப் பிணக்கும் இல்லை. கல்லீரலுக்கும் பெரும் தொல்லை இல்லை. சுமை வேறு இடத்தில் இருக்கிறது. வாரந்தோறும் ஊசி, தொடக்கத்தில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை. எண்ணிக்கை ஊசலாடுவதும் இதில் சற்று அதிகம்: ஒரு வாரம் 30,000, மறுவாரம் 3,00,000 என்று பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. பதறி அளவைத் தலைகீழாக மாற்றினால் ஊசல் இன்னும் பெரிதாகும்.

எல்ட்ரோம்போபேக் தினசரி மாத்திரை. ஏற்பி உயிரணுச் சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதியில் ஒட்டுவதால் உடலின் சொந்த ஹார்மோனோடு இடத்துக்குப் போட்டியிடாது. வழக்கமான தொடக்கம் 50 மில்லிகிராம், உச்சம் 75. கிழக்காசிய வம்சாவளியினருக்கும் கல்லீரல் குறையுள்ளோருக்கும் 25-இல் தொடங்குவார்கள். சிக்கல் என்னவென்றால் இது உலோக அயனிகளைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கால்சியம், இரும்பு, அமில முறிவு மருந்து, பால் பொருட்கள் ஆகியவற்றை உண்பதற்கு 2 மணி நேரம் முன்போ, உண்ட 4 மணி நேரம் பின்போதான் விழுங்க வேண்டும். மற்றபடி வெறும் வயிற்றிலோ கால்சியம் குறைந்த உணவோடோ எடுக்கலாம். கல்லீரல் நொதிகள் ஏறலாம் என்பதால் அளவு சரிபார்க்கும் காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு மாதந்தோறும் பரிசோதனை தேவை. அதில் ஒரு வேடிக்கை: மருந்து சீரத்தையே பழுப்பாக்கிவிடும். அதனால் பிலிருபின் அளவு தவறாக வரக்கூடும். மஞ்சள் காமாலை அறிகுறி எதுவும் இல்லாமல் பிலிருபின் மட்டும் விசித்திரமாகத் தெரிந்தால், ஆய்வகத்துக்கு இந்த மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

அவட்ரோம்போபேக் தினமும் 20 மில்லிகிராம், உணவோடு. ஐ.டி.பி.க்கு அமெரிக்காவில் 2019-இல் அனுமதி பெற்றது. முந்தைய இரண்டும் 2008. உலோகப் பிணக்கு கிடையாது, கல்லீரல் எச்சரிக்கையும் அந்த அளவில் இல்லை. சில பூஞ்சை மருந்துகளும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் இதன் அளவை மாற்றிவிடும். மூன்றில் அனுபவம் குறைந்தது இதுவே. சில இடங்களில் கிடைப்பதும் அரிது.

மூன்றுக்கும் பொதுவானவை சில. மெகாகேரியோசைட் முதிர ஏறக்குறைய 5 நாள் ஆகும். எனவே முதல் வாரத்துக்குள் பலனை எதிர்பார்க்கக் கூடாது, ஒன்று முதல் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு எண்ணிக்கை ஏறுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் பழைய நிலைக்கும் கீழே சில வாரங்கள் விழலாம். காரணம் மேலே பார்த்த கணக்குதான்: மருந்து வளர்த்த மெகாகேரியோசைட் கூட்டமும் தட்டணுக் கூட்டமும் இயற்கை ஹார்மோனை உறிஞ்சிவிட்டிருக்கும், மருந்தும் போய்விட்டால் தூண்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. ரத்தக் கட்டி ஆபத்து சற்றுக் கூடும். மஜ்ஜையில் இழை சேர்வது சிலருக்கு நேரும். பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் குறைந்துவிடும். ரத்தத் தகட்டில் கண்ணீர்த் துளி வடிவச் சிவப்பணுக்களும் முதிராத அணுக்களும் தென்பட்டால் மஜ்ஜையைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

நிறுத்த முடியுமா? சிலருக்கு முடியும். ஆய்வுகளில் 10 முதல் 30 சதவீதம் பேர் மருந்தின்றித் தாங்கி நிற்கிறார்கள். ஓராண்டு மருந்திலேயே நிலையாக இருந்த பிறகு, அளவை மெல்ல மெல்லக் குறைத்துத்தான் இதை முயல வேண்டும்.

## இரண்டாம் வழி: ரிட்டுக்சிமாப்

எதிர்ப்பொருள் செய்யும் பி-உயிரணுக்களைத் துடைக்கும் மருந்து. வழக்கமாக வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அத்துடன் முடிந்தது, தினசரி மாத்திரை, வாராந்திர ஊசி எதுவும் இல்லை. ஈர்ப்பும் இதுவே. ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு முதலில் எண்ணிக்கை ஏறும். ஏற ஒன்று முதல் எட்டு வாரம் ஆகலாம்.

ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் பலன் தங்கியிருப்பது ஐந்தில் ஒருவருக்கு, கூடினால் நான்கில் ஒருவருக்கு. பி-உயிரணு மருந்தால் அழிகிறது. ஆனால் அதிலிருந்து முன்பே உருவாகி மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் நெடுநாள் வாழும் பிளாஸ்மா உயிரணுக்களுக்கு மருந்தின் இலக்கான அடையாளம் இல்லை. அவை தப்பி எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே நோய் வந்து ஓராண்டுக்குள் உள்ள இளம் பெண்களுக்குப் பலன் நீடிக்கும் வாய்ப்பு கூடுதல். நெடுநாள் நோயாளிகளுக்குக் குறைவு.

மறைந்த விலை எதிர்ப்பாற்றலில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் எங்கேனும் தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்துவிடும். ஆகவே மருந்துக்கு முன் மேற்பரப்பு ஆன்டிஜென், கரு எதிர்ப்பொருள் ஆகிய இரண்டு பரிசோதனைகளும் கட்டாயம். முதலாவது மட்டும் போதாது. பழைய தொற்று இரண்டாவதில்தான் தெரியும். மருந்துக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது. பின்னாளில் மண்ணீரலை எடுக்க நேர்ந்தால் போட வேண்டிய தடுப்பூசிகளும் இதில் அடங்கும். இந்த வரிசைச் சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை: ரிட்டுக்சிமாப்புக்கு முன்பே அந்தத் தடுப்பூசிகளைப் போட்டுவிடுவது நல்லது. கருத்தரிக்க நினைப்பவர்கள் கடைசி டோஸுக்குப் பின் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

## மூன்றாம் வழி: மண்ணீரலை அகற்றுதல்

பழைய வழி. 1916-இல் பிராகில் மருத்துவ மாணவராக இருந்த பால் கஸ்னெல்சனின் தூண்டுதலால் முதன்முதலில் செய்யப்பட்டது. எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணுக்களைப் பிடித்து விழுங்கும் இடங்களில் முதன்மையானது மண்ணீரல். எதிர்ப்பொருள் உருவாகும் இடங்களிலும் அது ஒன்று. இரண்டையும் ஒரே வெட்டில் நீக்குகிறது. மூன்றில் இருவருக்குப் பலன் பல்லாண்டு தங்குகிறது. மற்ற எந்த வழியும் இதற்கு ஈடில்லை. பலருக்கு அறுவை முடிந்த சில நாட்களிலேயே எண்ணிக்கை ஏறிவிடும்.

ஆனால் மண்ணீரல் ரத்தத்தின் சல்லடை. உறை போர்த்திய பாக்டீரியாக்களான நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி ஆகியவற்றை ரத்தத்திலிருந்து அரித்தெடுப்பது அதன் வேலை. அது இல்லாதவருக்குக் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலாக இருக்கத் தேவையில்லை. சில மணி நேரத்திலேயே ரத்த நச்சாகிவிடலாம். ஆயுள் முழுவதும் இதே நிலை. அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன் தடுப்பூசிகள், பிறகு காய்ச்சல் வந்தால் உடனே ஆன்டிபயாட்டிக், கையில் எப்போதும் ஓர் எச்சரிக்கை அட்டை. அறுவைக்குப் பின் கல்லீரலுக்குப் போகும் பெருநரம்பில் ரத்தம் உறைவதும் நிகழக்கூடும்.

சிலருக்கு நோய் திரும்பும். அப்போது முதலில் கேட்க வேண்டியது, துணை மண்ணீரல் ஏதும் விடுபட்டதா என்பது. ரத்தத் தகட்டில் சிவப்பணுக்களுக்குள் ஹோவெல்-ஜாலி துகள்கள் என்ற சிறு கரும்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். மண்ணீரல் முழுதும் போய்விட்டிருந்தால் அவை தெரிய வேண்டும்; காணவில்லை என்றால் எங்கோ ஒரு துண்டு உழைத்துக்கொண்டிருக்கிறது. தட்டணு எங்கே அழிகிறது என்பதைக் கதிரியக்க இண்டியம் ஏற்றிய சொந்தத் தட்டணுக்களைக் கொண்டு அறுவைக்கு முன்பே பார்க்கவும் வழி உண்டு. கல்லீரலில்தான் அழிகிறது என்று தெரிந்தால் வெட்டுவதில் பயன் குறைவு. இந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை.

நோய் தானாகவே தணிய வாய்ப்பிருப்பதால் குறைந்தது ஓராண்டு பொறுத்த பின்னரே அறுவை என்பது இப்போதைய நடைமுறை.

## அட்டவணையில்

| அளவுகோல் | ஏற்பி மருந்துகள் | ரிட்டுக்சிமாப் | மண்ணீரல் அகற்றம் |
|---|---|---|---|
| கை வைக்கும் இடம் | உற்பத்தி | எதிர்ப்பொருள் | அழிவு (எதிர்ப்பொருளும் ஓரளவு) |
| பலன் தெரியும் காலம் | 1–2 வாரம் | 1–8 வாரம் | சில நாட்கள் |
| நிறுத்திய பின் / நீண்ட காலம் | 10–30% பேர் மருந்தின்றி நிற்கிறார்கள் | 5 ஆண்டில் 20–25% | சுமார் மூன்றில் இருவர் |
| அன்றாடச் சுமை | தினசரி மாத்திரை அல்லது வார ஊசி | நான்கு முறை, பிறகு இல்லை | ஒருமுறை, பிறகு ஆயுள் எச்சரிக்கை |
| மறைந்த ஆபத்து | ரத்தக் கட்டி, நிறுத்தும்போது சரிவு | ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி பிடிக்காமை | ரத்த நச்சு, ரத்தக் கட்டி |
| திரும்பி வர முடியுமா | பெரும்பாலும் | மாதங்கள் ஆகும் | முடியாது |

அட்டவணையைப் பார்த்ததும் ஏற்பி மருந்தே வென்றதுபோல் தோன்றும். அமெரிக்க ஹெமட்டாலஜி சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் ரிட்டுக்சிமாப்பை விட அதை முன் வைக்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரைகள் உறுதியான ஆதாரம் குறைந்தவை என்றும், நோயாளியின் விருப்பத்துக்கு இடம் தர வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது.

## ஒருவரை எடுத்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு நோயாளி. வயது 38, எடை 60 கிலோ, நோய் வந்து 16 மாதம். ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராமில் 45,000 நிற்கிறது. 10-க்குக் குறைத்ததும் 14,000-க்கு விழுந்து, வாயில் ரத்தக் கொப்புளம் வந்தது. ரத்தக் கட்டி வந்த வரலாறு இல்லை. ஹெபடைடிஸ் பி கரு எதிர்ப்பொருள் இருக்கிறது. மாதவிடாய் ரத்தப்போக்கால் இரும்புச்சத்துக் குறைந்து, இரும்பு மாத்திரை எடுக்கிறார். அறுவைக்கு விருப்பமில்லை.

ரிட்டுக்சிமாப் முடியாததல்ல, ஆனால் வைரஸ் தடுப்பு மருந்தோடு நெடுங்காலம் போக வேண்டும். ஸ்டீராய்டைச் சீக்கிரம் விட வேண்டியிருக்கும் நிலையில் அது நல்ல தொடக்கமல்ல. எனவே ஏற்பி மருந்து. மாத்திரை என்பதாலும் கிடைப்பதாலும் எல்ட்ரோம்போபேக் 50 மில்லிகிராம் தொடங்குகிறார்கள். முதல் வாரம் 16,000. மனம் சோர்ந்துபோகும் கட்டம் இதுதான். ஆனால் மெகாகேரியோசைட் முதிர்ந்து தட்டணுக்களைத் தர இன்னும் காலம் போதவில்லை. இரண்டாம் வாரம் 38,000. இரண்டு வாரத்துக்குப் பின்னும் 50,000 எட்டாததால் 75 மில்லிகிராம். நான்காம் வாரம் 92,000. ஸ்டீராய்டு மெல்லக் குறைக்கப்படுகிறது.

பத்தாம் வாரம் திடீரென 19,000. மருந்து கைவிட்டுவிட்டதா? பார்த்தால், இரும்பு மாத்திரையைக் காலை மருந்தோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார். இரும்பு எல்ட்ரோம்போபேக்கைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே நிறுத்திவிட்டது. இரும்பை இரவுக்கு மாற்றியதும் பன்னிரண்டாம் வாரத்தில் 80,000. இன்னொரு கோணமும் உண்டு: இந்த மருந்து உடலின் இரும்பையும் கட்டி வெளியேற்றக்கூடும். ஏற்கெனவே இரும்பு குறைந்தவருக்கு அது நல்லதல்ல. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினை மூன்று மாதத்துக்கொருமுறை பார்ப்பது உகந்தது. என்னைக் கேட்டால், அவட்ரோம்போபேக் கிடைத்திருந்தால் இவருக்கு அதையே முதலில் தேர்ந்தெடுத்திருப்பேன். அது கிடைக்காதபோது, நேரம் தவறாமல் மாத்திரை எடுப்பது கடினம் என்று இவரே சொல்லியிருந்தால், வார ஊசி. இவருடைய எடைக்கு முதல் அளவு 60 மைக்ரோகிராம்.

இருபதாம் வாரம் 2,10,000. மகிழ்ச்சியடைய வேண்டிய எண்ணல்ல. 2,00,000-ஐத் தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும், 75-லிருந்து 50.

## யாருக்கு எது

நாள் தவறாமல் ஒழுங்காக மருந்து எடுக்கக்கூடியவர், ஓராண்டு கழித்து நிறுத்திப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை உள்ளவர், ஏற்கெனவே ரத்தக் கட்டி வராதவர்: ஏற்பி மருந்து. கல்லீரல் நோய் உள்ளவர், உணவு நேரம் சீராக இல்லாதவர், கால்சியமும் இரும்பும் எடுத்தாக வேண்டியவர் ஆகியோருக்கு எல்ட்ரோம்போபேக் பொருந்தாது. மற்ற இரண்டில் ஒன்றைப் பாருங்கள். ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள் உள்ளவருக்கு மூன்றுமே மிகுந்த எச்சரிக்கையோடுதான்.

நோய் வந்து ஓராண்டுக்குள், இளம் வயது, ஹெபடைடிஸ் பி இல்லை, தினசரி மருந்தும் வேண்டாம் என்பவருக்கு ரிட்டுக்சிமாப் ஒரு நியாயமான சூதாட்டம். தோற்றாலும் வேறு வழிகள் மூடிக்கொள்வதில்லை, சில மாதத் தாமதம்தான் மிஞ்சும்.

ஓராண்டுக்கும் மேலாகிவிட்டது, மருந்துகள் எடுபடவில்லை அல்லது வாழ்நாளெல்லாம் மருந்து வேண்டாம், வயது கூடவில்லை, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை போக முடியும் என்ற நிலையில் மண்ணீரல் அறுவை இன்றும் நல்ல முடிவுதான். இதைப் பழங்காலத்து வழி என்று ஒதுக்குபவர்கள் மூன்றில் இருவர் என்ற எண்ணை மறந்துவிடுகிறார்கள். மருத்துவமனை எட்டாத தொலைவில் இருப்பவருக்கோ, அடிக்கடி தொற்று வருபவருக்கோ அது பொருந்தாது.

இன்றிரவே ரத்தம் வடிகிறது, தலையில் அடி, கண்பார்வையில் மாற்றம் என்றால் இந்தப் பட்டியலில் ஒன்றும் உதவாது. அங்கே இம்யூனோகுளோபுலின், உயர் அளவு ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் தட்டணு ஏற்றுதல். மற்ற வழிகள் வாரக் கணக்கில் பேசுபவை.

எடுத்த மருந்து வேலை செய்யவில்லை என்றால், உச்ச அளவில் நான்கு வாரம் கழித்தும் எண்ணிக்கை அசையாதபோது அதை நிறுத்த வேண்டும். ஒரு ஏற்பி மருந்து தோற்றால் இன்னொன்று பலிக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஏனெனில் ரோமிப்ளோஸ்டிமும் எல்ட்ரோம்போபேக்கும் ஏற்பியில் தொடும் இடமே வேறு. இரண்டுமே பலிக்காதபோதுதான் மருத்துவரிடம் வேறு கேள்வி கேட்க வேண்டும்: இது ஐ.டி.பி.தானா? மஜ்ஜைப் பரிசோதனை செய்து, மெகாகேரியோசைட்டுகள் இருக்கின்றனவா என்று நேரே பாருங்கள். தூண்ட வேண்டிய உயிரணுவே இல்லாத மஜ்ஜையில் எந்த ஏற்பி மருந்தாலும் எண்ணிக்கையை எளிதில் ஏற்ற முடியாது.